காதால் படிக்கும் மின்னஞ்சல்

ஆயர் குரோவில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பிரிவில் ஒரு தங்கை இருக்கிறாள். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கான செயின்ட் நிக்கோலஸ் இல்லம் 1926இல் தொடங்கியது நம் மலாக்காவில்தான். பிறகு அது பினாங்குக்குப் போய்விட்டது. அதனால் இவள் சிறுவயதிலேயே வீட்டை விட்டு, ஜோகூர் பாருவில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

2024 ஜூலை முதல் வாரத்தில் ஒரு காலைப் பொழுது என் மேசைக்கு வந்து, "அக்கா, நேத்து எல்லாருக்கும் ஒரு மெயில் அனுப்பியிருக்கீங்களே, அதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள். ஒரு மேற்பார்வையாளர் பணியிடம் காலியாக இருந்தது. அலுவலகத்துக்குள்ளேயே ஆள் எடுப்பதாக முடிவு. அந்த அறிவிப்பைத்தான் நான் அனுப்பியிருந்தேன். அந்த வேலைக்கு வேண்டிய தகுதி அவளிடம் இருந்தது. கடைசி நாள் ஜூலை 12. அவளுக்கு அது எதுவுமே தெரியவில்லை.

"கேட்டுப் பாருங்க" என்று காதொலிக் கருவியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். கேட்டேன். "கிராஃபிக், வாட்ஸ்அப் இமேஜ், இரண்டாயிரத்து இருபத்து நான்கு, பூஜ்யம் ஏழு, பூஜ்யம் ஒன்று" என்று ஒரு கோப்பின் பெயரை முழுமையாக ஒப்பித்தது. அடுத்து "லிங்க், இங்கே சொடுக்கவும். லிங்க், இங்கே சொடுக்கவும். லிங்க், இங்கே சொடுக்கவும்." அவ்வளவுதான் மின்னஞ்சல்.

நான் அனுப்பியது அழகான சுவரொட்டி. வடிவமைப்புச் செயலியில் செய்து, அலுவலகப் புலனக் குழுவில் போட்டு, அதையே இறக்கி மின்னஞ்சலில் ஒட்டியிருந்தேன். பணியின் பெயர், தகுதி, சம்பளம், கடைசி நாள் எல்லாம் அந்தப் படத்துக்குள் இருந்தன. அவளைப் பொறுத்தவரை படத்துக்குள் எதுவும் இல்லை.

அவள் எப்படிப் படிக்கிறாள்

திரைவாசிப்பான் என்பது கணினித் திரையில் இருக்கும் எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள். இவள் பயன்படுத்துவது என்விடிஏ. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் தேயுடன் சேர்ந்து வளர்த்தது, இன்றுவரை இலவசம். ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்று கைப்பேசியிலேயே இதைப் போன்றவை உண்டு.

அவள் மின்னஞ்சலை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நாம் கண்ணை ஓட்டுவது போல அவள் விசையை ஓட்டுகிறாள். `H` விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். `K` தட்டினால் அடுத்த இணைப்பு. `G` தட்டினால் அடுத்த படம். `Insert+F7` அழுத்தினால் அந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்புகள் மட்டும் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். தலைப்புகளையும் அதே போலப் பட்டியலாக்கலாம். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு திரைவாசிப்பான் பயனர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு 2024இல் வெளிவந்தது. நீண்ட பக்கத்தில் ஒரு தகவலைத் தேட முதலில் எதைச் செய்வீர்கள் என்ற கேள்விக்கு, பத்தில் ஏழு பேர் தலைப்புகளைத் தாவிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

எங்கே கோளாறு என்பது இதிலேயே தெரிகிறது. இணைப்புப் பட்டியலில் ஒரு இணைப்பு தன் முன்னும் பின்னும் உள்ள சொற்களை இழந்து தனியாக நிற்கிறது. தலைப்பு என்று நாம் நினைப்பது வெறும் தடித்த எழுத்தாக இருந்தால் `H` விசைக்கு அது அகப்படாது. படம் ஊமை.

இணைப்பின் பெயர்

"இங்கே சொடுக்கவும்" என்ற பழக்கம் ஆங்கிலத்திலிருந்தும் மலாயிலிருந்தும் நமக்கு வந்தது. ஆனால் தமிழில் அது இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "விண்ணப்பப் படிவத்தைப் பெற இங்கே சொடுக்கவும்" என்று எழுதிவிட்டு, கைபோன போக்கில் கடைசி இரண்டு சொற்களில் இணைப்பைப் போடுகிறோம். பொருள் முழுவதும் முன்பகுதியில் இருக்கிறது. இணைப்பு விழுவதோ பொருளில்லாத பின்பகுதியில். இணைப்பை முன்பக்கம் நகர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். "விண்ணப்பப் படிவம்" என்பதையே இணைப்பாக்குங்கள். மீதிச் சொற்கள் தேவையில்லை.

அவுட்லுக்கிலும் ஜிமெயிலிலும் செய்முறை ஒன்றுதான். அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்து `Ctrl+K` அழுத்தி, முகவரியை ஒட்டினால் போதும்.

பெயர் வைக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, வேறுபடுத்தும் சொல் முன்னால் வர வேண்டும். என்விடிஏ பட்டியலில் முதல் எழுத்துகளைத் தட்டி ஒரு இணைப்புக்குத் தாவலாம். எல்லாமே "பதிவிறக்க" என்று தொடங்கினால் அந்த வசதி வீண். இரண்டாவது, திறந்தால் என்ன வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலைப்பக்கம் என்று நினைத்துத் திறந்தால் நாற்பது பக்கக் கோப்பு இறங்கத் தொடங்குவது யாருக்குமே எரிச்சல். ஆகவே "விண்ணப்பப் படிவம், வேர்ட் கோப்பு, 2 பக்கம்" என்று எழுதுகிறேன். மூன்றாவது, "இணைப்பு" என்ற சொல்லைப் பெயருக்குள் வைக்க வேண்டாம். "லிங்க்" என்று திரைவாசிப்பானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

இந்தச் சொல்லில் தமிழுக்கே உரிய இன்னொரு குழப்பம் உண்டு. நாம் லிங்க்கையும் இணைப்பு என்கிறோம், மின்னஞ்சலோடு வரும் கோப்பையும் இணைப்பு என்கிறோம். "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதினால் கண்ணால் படிப்பவர் திரையை ஒருமுறை மேய்ந்து எது என்று கண்டுபிடித்துக்கொள்வார். காதால் படிப்பவர் மின்னஞ்சல் முழுவதையும் ஒரு முறை அலசி, பிறகு கோப்புப் பகுதிக்குப் போய் அங்கேயும் தேட வேண்டும். "இந்த மின்னஞ்சலோடு வரும் படிவம்" என்று எழுதினால் சிக்கல் இல்லை.

முகவரியை அப்படியே நீளமாக ஒட்டுவதும் தீர்வல்ல. கூகுள் படிவத்தின் முகவரி ஒன்றைத் திரைவாசிப்பான் வாசிப்பதை ஒருமுறை கேளுங்கள்; சாய்கோடு, புள்ளி, பொருளற்ற எழுத்துக்கோவை என்று முடிவில்லாமல் போகும். அச்சடித்து ஒட்டப்போகும் அறிவிப்பில் மட்டும் குறுமுகவரி பக்கத்தில் இருக்கட்டும்.

தடித்த எழுத்து தலைப்பு ஆகாது

பெரிய எழுத்து, தடித்த எழுத்து, நிறம் இவை மூன்றும் கண்ணுக்கான சைகைகள். திரைவாசிப்பான் பார்ப்பது அடியில் உள்ள குறியீட்டை. அவுட்லுக்கில் வரியின் மேல் சுட்டியை வைத்து `Format Text` பகுதியில் உள்ள `Styles` பட்டியலில் `Heading 2` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த வரி உண்மையான தலைப்பாகிவிடும். கணினியில் நிறுவப்பட்ட பழைய அவுட்லுக்கில் `Ctrl+Alt+2` என்ற குறுக்குவழியும் உண்டு. அடியில் நடப்பது இவ்வளவே:

```html
<h2>எப்படி விண்ணப்பிப்பது</h2>
<p><b>எப்படி விண்ணப்பிப்பது</b></p>
```

முதல் வரியை `H` விசை பிடிக்கும். வரியை வாசித்து, "ஹெடிங் லெவல் டூ" என்றும் சொல்லும். இரண்டாவது வரி, பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், நழுவிவிடும். தலைப்பின் எழுத்து பெரிதாக இருக்கிறது, நிறம் பிடிக்கவில்லை என்றால் பாணியை மாற்றிக்கொள்ளலாம். தலைப்புக் குறி கலையாது.

தலைப்பின் சொற்கள் எளிமையாக இருக்கட்டும். "பொது", "மேலதிக விவரம்", "குறிப்பு" என்பவை தாவிப் போகிறவருக்கு எதையும் காட்டாது. "கடைசி நாள்", "யார் விண்ணப்பிக்கலாம்" என்றால் தேடுவது கிடைத்துவிடும். ஒரே அளவுத் தலைப்பு போதும். மின்னஞ்சலில் மூன்று அடுக்குத் தலைப்பு தேவைப்படுகிறதென்றால் அதைத் தனி ஆவணமாகவே அனுப்புவது நல்லது. ஐந்து வரி மின்னஞ்சலுக்குத் தலைப்பே வேண்டாம்.

ஜிமெயிலில் எழுதும் பெட்டியில் தலைப்புப் பாணி கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கத்தான் முடியும். தமிழ்ப்பள்ளி அலுவலகங்கள், கோயில் நிர்வாகங்கள், சிறு கடைகள் பெரும்பாலும் ஜிமெயிலில்தான் எழுதுகின்றன. அங்கே நான் சொல்வது: பொருள் வரியிலேயே விஷயத்தையும் தேதியையும் சொல்லிவிடுங்கள், முதல் பத்தியில் படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை வையுங்கள், பத்திகளைக் குட்டையாக வைத்து ஒவ்வொரு பத்தியையும் அதன் முக்கியச் சொல்லோடு தொடங்குங்கள். தலைப்பு செய்யும் வேலையில் பெரும்பகுதியை இது செய்துவிடும்.

படத்துக்குள் எழுத்து

படத்தில் எழுதும் பழக்கம் தமிழருக்கு ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை யோசித்திருக்கிறேன். நம்மவர் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கத் தொடங்கியது 1985இல். அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் இருந்தது. நீங்கள் தட்டிய அதே எழுத்துரு எதிராளியின் கணினியில் இல்லையென்றால் தமிழ் குப்பையாகத் தெரியும். ஆகவே அறிவிப்பைப் படமாக்கி அனுப்புவதுதான் பத்திரமான வழி. அது அன்றைக்குச் சரி. யூனிகோடு வந்து, விண்டோஸும் கைப்பேசிகளும் தமிழை இயல்பாகக் காட்டத் தொடங்கிய பிறகும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

பழைய எழுத்துரு இன்னும் சில அலுவலகக் கோப்புகளில் உயிரோடு இருக்கிறது. பார்க்கத் தமிழாக இருக்கும். திரைவாசிப்பானிடம் கொடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: அந்தப் பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகளாக மாறினால் அது யூனிகோடு அல்ல. மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

படத்தில் உள்ள எழுத்தை என்விடிஏயே படித்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. `NVDA+R` அழுத்தினால் விண்டோஸின் எழுத்தறியும் வசதி படத்தை ஆராய்ந்து பார்க்கும். சுத்தமான ஆங்கில அச்சில் ஓரளவு வேலை செய்கிறது. தமிழுக்கு அதை நம்ப முடியாது. பூவேலைப் பின்னணியில் வளைந்த எழுத்து என்றால் சொல்லவே வேண்டாம்.

எனவே படம் இருக்கட்டும், ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு தகவலும் மின்னஞ்சலின் உடலில் எழுத்தாக இருக்க வேண்டும். அவுட்லுக்கில் படத்தின் மீது வலச்சொடுக்கி, மாற்றுவிளக்கம் எழுதும் `Alt Text` பெட்டியில் ஒரு வரி போதும்: "மேற்பார்வையாளர் பணியிட அறிவிப்புச் சுவரொட்டி, விவரம் முழுவதும் கீழே உள்ளது." சுவரொட்டியின் மொத்த வாசகத்தையும் அந்தப் பெட்டிக்குள் திணிப்பவர்களைப் பார்க்கிறேன். அதைச் செய்யாதீர்கள். மாற்றுவிளக்கத்துக்குள் தலைப்பு வராது, இணைப்பு வராது, தேதியை நகலெடுத்து நாட்காட்டியில் போட வழியில்லை. வெறும் அழகுக்கான கோலமோ கோடோ என்றால் `Mark as decorative` என்ற கட்டத்தைத் தட்டிவிடுங்கள். திரைவாசிப்பான் அதைக் கடந்துபோய்விடும்.

நம் பக்கம் இன்னொரு வகைப் படம் உண்டு. தோட்ட அலுவலகமோ பள்ளியோ சங்கமோ, கடிதத்தை அச்சடித்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்புவது. அது பிடிஎஃப் என்ற பெயரில் வரும் படம்தான். சுட்டியால் அதிலுள்ள ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க முயலுங்கள். முடியவில்லை என்றால் திரைவாசிப்பானுக்கும் முடியாது. முத்திரையிட்ட பிரதி அலுவலகச் சான்றுக்கு வேண்டும்தான். அதை இணைத்துவிட்டு, கடிதத்தின் வாசகத்தை மின்னஞ்சலிலும் ஒட்டுங்கள். வாசகம் ஏற்கெனவே உங்கள் கணினியில் தட்டச்சாக இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

அதே மின்னஞ்சல், மறுபடி

அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் திருத்தி அனுப்பியது இப்படி. முதலில் "காலிப் பணியிடம்" என்று மட்டும் இருந்த பொருள் வரி, "வாடிக்கையாளர் சேவை மேற்பார்வையாளர் பணி: ஜூலை 12க்குள் விண்ணப்பிக்கவும்" என்று ஆனது. முதல் பத்தி இரண்டே வாக்கியம்: நம் பிரிவில் ஒரு மேற்பார்வையாளர் பணியிடம் காலியாக உள்ளது, மூன்றாண்டு அனுபவம் உள்ள பணியாளர்கள் ஜூலை 12, வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்கலாம்.

அதன் கீழே மூன்று தலைப்புகள்: "யார் விண்ணப்பிக்கலாம்", "எப்படி விண்ணப்பிப்பது", "நேர்காணல் எப்போது, எங்கே". மூன்று இணைப்புகளும் அப்படியே இருந்தன, பெயர் மட்டும் மாறியது: "விண்ணப்பப் படிவம், வேர்ட் கோப்பு, 2 பக்கம்", "மேற்பார்வையாளரின் பொறுப்புகள், வலைப்பக்கம்", "நேர்காணல் அறைக்கு வரும் வழி, வரைபடம்". வரைபடமும் படம்தானே என்று அவள் நினைவூட்டினாள். ஆகவே மூன்றாவது தலைப்பின் கீழ் "ஜூலை 23, செவ்வாய், காலை 10 மணி, இரண்டாம் மாடி, மின்தூக்கியிலிருந்து வெளியே வந்ததும் இடப்பக்கம் இரண்டாவது கதவு" என்று எழுதினேன். பார்வையுள்ள இரண்டு பேர் பிறகு என்னிடம் சொன்னார்கள், அவர்கள் வரைபடத்தைத் திறக்கவே இல்லை, அந்த வரியைப் படித்துவிட்டே வந்தார்கள் என்று.

சுவரொட்டியை அடியில் சிறிதாக வைத்தேன். மொத்தத்தில் இருபது நிமிடம் ஆனது. இப்போது அதே வேலை ஐந்து நிமிடத்தில் முடிகிறது, ஏனென்றால் முதலில் எழுத்தை எழுதிவிட்டுக் கடைசியில்தான் படத்துக்குப் போகிறேன்.

மொழி விஷயம் ஒன்று பாக்கி. நம் அலுவலக மின்னஞ்சலில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் கலந்து வரும். விண்டோஸில் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்றும் மலாய்க் குரலுக்கு ரிஸ்வான் என்றும் பெயர். ஒரு குரல் மற்ற மொழியின் எழுத்தைச் சந்தித்தால் தடுமாறும், சில நேரம் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஒரே வாக்கியத்துக்குள் மூன்றையும் குழைக்காமல், தமிழ்ப் பகுதி முழுவதும் முடிந்த பிறகு மலாய்ப் பகுதியைத் தனித் தலைப்பின் கீழ் வைத்தால் கேட்பவர் தானே குரலை மாற்றிக்கொள்வார். தமிழை ரோமன் எழுத்தில் தட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஆங்கிலக் குரலின் வாயில் அது எந்த மொழியும் ஆகாது.

என் பாட்டன் காலத்தில் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டு நடக்கும். கிராணி பெயர் பெயராகக் கூப்பிட்டு, இன்று யாருக்கு எந்த நிரை என்று உரக்கச் சொல்வார். அங்கே யாரும் "இங்கே பார்" என்று ஒரு காகிதத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்க முடியாது. ஒரு மின்னஞ்சலைச் சரிபார்க்கும்போது நான் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்: இதைப் பெரட்டில் நின்று வாசித்தால், தாளைப் பார்க்காதவருக்கு எந்த நாள், எந்த இடம், என்ன செய்ய வேண்டும் என்று விளங்குமா?

விளங்க வைப்பது தயவு மட்டும் அல்ல. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், சட்டம் 685, அதன் 30ஆம் பிரிவில் தகவலையும் தொழில்நுட்பத்தையும் பெறும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. அதை ஒரு எழுத்தர் தன் மேசையிலேயே நிறைவேற்ற முடியும். மின்னஞ்சல் காதுக்கு விளங்குமா என்று ஊகிக்கத் தேவையில்லை. `nvaccess.org` தளத்தில் என்விடிஏயை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் அனுப்பப்போகும் சுற்றறிக்கையை முதலில் உங்களுக்கே அனுப்புங்கள். எழுதும் பெட்டியில் அல்ல, வந்து சேர்ந்த மின்னஞ்சலைத் திறந்து கேட்க வேண்டும். திரையை அணைத்துவிட்டு `Insert+F7` அழுத்துங்கள். இணைப்புப் பட்டியலைக் கேட்டு எது எங்கே போகிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் எல்லாருக்கும் அனுப்புங்கள். முடியாவிட்டால், அனுப்பும் பொத்தானைத் தொடுவதற்கு முன் திருத்திவிடுங்கள்.